ஜிம்முக்கு ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் வேணுமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

ட்ரெய்னரா வேலை பாக்குறதால தினமும் யாராவது ஒருத்தர் கலர் கலரா பாட்டிலை கையில புடிச்சுக்கிட்டு வந்து இதையே கேக்குறாங்க. சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேள்வி எல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

ப்ரோ, தினமும் ஒரு மணி நேரம் ஜிம் பண்றேன், ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் குடிக்கணுமா வேணாமா?

வேணாம். தண்ணி போதும், அதுவும் தாகம் எடுக்குறப்ப குடிச்சா போதும். நாலு மணி நேரத்துக்குள்ள ஏதாவது சாப்பிட்டிருந்தீங்கன்னா, ஒரு மணி நேர ஜிம்முக்குத் தேவையான சக்தி உடம்புல ஏற்கனவே இருக்கு. போற உப்பு அடுத்த வேளை சாப்பாட்டுலயே திரும்பி வந்துரும்.

இதுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனா அந்த ஆளுங்க ஜிம்ல ரொம்ப கம்மி. அவங்க யாருன்னு கீழ தனியா சொல்றேன்.

அப்ப அந்த பாட்டில்ல என்னதான் இருக்கு?

தண்ணி, சர்க்கரை, கொஞ்சம் உப்பு, துளி பொட்டாசியம், புளிப்புக்கு சிட்ரிக் ஆசிட், அப்புறம் கலரும் வாசனையும். அவ்வளவுதான், ரகசியம் ஒண்ணும் இல்ல. பெரும்பாலான பிராண்டுல 100 மில்லிக்கு 6 கிராம் சர்க்கரை வரும், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். 500 மில்லி பாட்டிலை முழுசா குடிச்சா 30 கிராம், அதாவது ஏழெட்டு டீஸ்பூன், 120 கலோரி. காபியில யாராவது ஏழு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தா முகத்தைச் சுளிச்சுக்குவோம், இது ஜில்லுன்னு புளிப்பா இருக்குறதால நாக்குக்குத் தெரியுறதில்ல.

இந்த 6 கிராம் கணக்கு சும்மா வந்தது இல்ல. இதை விட சர்க்கரை கூடிப்போச்சுன்னா வயித்துல இருந்து தண்ணி குடலுக்கு இறங்குறது மெதுவாகும், ஓடுறவங்களுக்கு வயிறு கலக்கும். 1965ல ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல ராபர்ட் கேட்ங்கிற டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் அங்க இருந்த அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்காக கேட்டரேடை உருவாக்கினாங்க. கொளுத்துற வெயில்ல தலைக்கவசமும் பாதுகாப்பு கவசமும் போட்டுக்கிட்டு மணிக்கணக்கா மோதிக்கிட்டவங்க அவங்க. ஏசி ஜிம்ல மூணு செட் அடிச்சுட்டு ரெண்டு நிமிஷம் ஃபோன் பாக்குறவங்களுக்காக செஞ்ச பானம் இல்ல அது.

இன்னொண்ணு, லேபிள்ல பெருசா போட்டிருக்குற நம்பர் ஒரு சர்விங்குக்கா, 100 மில்லிக்கா, முழு பாட்டிலுக்கான்னு பாத்துக்கோங்க. பாதிப் பேர் இங்கதான் ஏமாறுறாங்க.

எனக்கு சட்டையே புழிஞ்சா தண்ணி வருது அண்ணா, அவ்வளவு வேர்வை போனா உப்பு குறையாதா?

குறையும், ஆனா எவ்வளவுன்னு அளந்து பாத்தா பயம் போயிரும். இதே கேள்வியைக் கேட்ட ஒருத்தரை நான் எடை மெஷின்ல ஏத்தினேன். வொர்க்கவுட்டுக்கு முன்னாடி 78.4 கிலோ. அம்பது நிமிஷம் வெயிட்ஸ், நடுவுல 300 மில்லி தண்ணி குடிச்சாரு, பாத்ரூம் போகல. முடிச்சு உடம்பைத் துடைச்சுட்டு, ஈர டீஷர்ட்டைக் கழட்டி வச்சுட்டு ஏறுனாரு, 78.2 கிலோ. குறைஞ்சது 200 கிராம், குடிச்ச 300ஐக் கூட்டுனா மொத்தம் அரை லிட்டர் வேர்வை. அவர் ரெண்டு லிட்டராவது போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு.

வேர்வையில சோடியம் ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும், சராசரியா லிட்டருக்கு ஒரு கிராம் கிட்டன்னு வச்சுக்கலாம். அவருக்குப் போனது அரை கிராம் சோடியம், சாப்பாட்டு உப்பா பாத்தா கால் டீஸ்பூன் கூட வராது. இப்ப வேடிக்கை என்னன்னா, 500 மில்லி ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க்ல இருக்குற சோடியம் 200 - 250 மில்லிகிராம் தான். ஆக உப்புக்காகன்னு குடிச்சாலும் போனதுல பாதிதான் திரும்பும், கூடவே 30 கிராம் சர்க்கரை ஒட்டிக்கிட்டு வரும்.

நீங்களும் ஒரு நாள் இதே மாதிரி எடை போட்டுப் பாருங்க. உடம்பு எடையில 2 சதவீதத்துக்கு மேல தண்ணி போனாதான் செயல்திறன் அடி வாங்க ஆரம்பிக்கும்னு பொதுவா சொல்றாங்க. அவருக்கு அது ஒன்றரை கிலோவுக்கு மேல, போனதோ 200 கிராம்.

ஆனா குடிச்ச உடனே எனர்ஜி வருதே, நான் ஃபீல் பண்றேன், அது பொய்யா?

பொய் இல்ல, ஆனா நீங்க நெனைக்கிற காரணம் இல்ல. குடிச்ச சர்க்கரை குடலுக்குப் போயி ரத்தத்துல ஏறி தசைக்குப் போக கொஞ்ச நேரம் ஆகும், ரெண்டாவது மடக்குலயே தெம்பு வருதுன்னா அது தசையில நடக்குற வேலையா இருக்க முடியாது. இதைச் சோதிச்சே பாத்திருக்காங்க. 2004ல வந்த ஒரு ஆய்வுல, சுமார் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிச்சவங்களை கார்போஹைட்ரேட் கலந்த தண்ணியை வாயில கொப்புளிச்சுத் துப்பச் சொன்னாங்க, முழுங்கவே இல்ல, அப்பவும் நேரம் 3 சதவீதம் கிட்ட குறைஞ்சது. வாயில இருக்குற உணர்வு மூளைக்கு சாப்பாடு வருதுன்னு தகவல் சொல்லுது, மூளை பிரேக்கைக் கொஞ்சம் விடுது.

அது கூட ஒரு மணி நேரம் விடாம வெறியா மிதிச்சவங்களுக்கு. நம்ம தசையில கிளைகோஜன்னு ஒரு சேமிப்பு இருக்கு, பெரியவங்களுக்கு முந்நூறு நானூறு கிராம் அளவுக்கு இருக்கும், கல்லீரல்ல தனியா கொஞ்சம். ஒரு வெயிட்ஸ் செஷன்ல வேலை செஞ்ச தசையில மூணுல ஒரு பங்கு மாதிரி குறையும், காலியாகாது. டேங்க்ல பாதிக்கு மேல பெட்ரோல் இருக்குறப்ப பங்க்ல நிக்கிற மாதிரிதான் இது.

ஆறு மாசமா வர்றேன், வெயிட் ஒரு கிலோ கூட இறங்கல, இந்த பாட்டில் காரணமா இருக்குமா?

மேல சொன்ன 78 கிலோ ஆளோட கதையும் இதேதான். வாரம் அஞ்சு நாள் வருவாரு, முன்னாடி ஒரு பாட்டில், முடிச்சுட்டு ஒரு பாட்டில். அம்பது நிமிஷ வெயிட்ஸ்ல, நடுவுல எடுக்குற ரெஸ்ட்டையும் சேத்து, அவர் உடம்புக்கு சுமார் 250 கலோரி செலவாகும், அஞ்சு நாளைக்கு 1250. குடிச்சது பத்து பாட்டில், தலா 120, மொத்தம் 1200. வாரம் பூரா உழைச்சதுல மிச்சம் அம்பது கலோரி. நான் இதை ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுனப்ப அவர் பேப்பரைத் திருப்பி பின்பக்கம் எல்லாம் பாத்தாரு, வேற ஏதாவது கணக்கு இருக்குமான்னு.

உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது, ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு சேத்துக்குற சர்க்கரை 50 கிராமுக்குள்ள இருக்கணும், 25க்குள்ள இருந்தா இன்னும் நல்லது. ரெண்டு பாட்டில்லயே 60 ஆயிருச்சு, இன்னும் டீ காபி கணக்குலயே வரல. உங்க வெயிட் இறங்காததுக்கு வேற காரணமும் இருக்கலாம், ஆனா நீங்க இந்த பாட்டிலைக் குடிக்கிறீங்கன்னா முதல்ல இதை நிறுத்திப் பாருங்க, சாப்பாட்டுல கை வைக்கிறதை விட சுலபம்.

அப்ப யாருக்குத்தான் இது உண்மையிலேயே தேவை?

முதல் ஆள், ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல விடாம கஷ்டமா உழைக்கிறவங்க. நீண்ட தூரம் ஓடுறவங்க, சைக்கிள் மிதிக்கிறவங்க, ஃபுட்பால் மேட்ச் முழுசா ஆடுறவங்க. இவங்களுக்கு கிளைகோஜன் நிஜமாவே வத்திப்போகும், மணிக்கு 30ல இருந்து 60 கிராம் கார்போஹைட்ரேட் உள்ள போனா கடைசி வரைக்கும் வேகம் நிக்கும், அதுக்குத்தான் ஆய்வுகள்ல உறுதியான ஆதாரம் இருக்கு. 500 மில்லி பாட்டில் 30 கிராம்னு சொன்னேன்ல, அந்த அளவு இவங்களுக்குன்னு கச்சிதமா பொருந்துது பாருங்க. கவனிங்க, விடாம. ரெண்டு மணி நேரம் ஜிம்ல இருந்தேன், அதுல ஒரு மணி நேரம் அரட்டைன்னா அது கணக்குல வராது.

ரெண்டாவது, ஒரே நாள்ல ரெண்டு தடவை கடுமையா பயிற்சி பண்றவங்க, நடுவுல எட்டு மணி நேரத்துக்கும் கம்மியா இடைவெளி இருக்கு, சாப்பிட முடியல அல்லது சாப்பிட்டா குமட்டுதுன்னா. அடுத்த பயிற்சி நாளைக்குத்தான்னா அவசரமே இல்ல, சாதாரண சாப்பாடே ராத்திரிக்குள்ள நிரப்பிரும்.

மூணாவது, கொளுத்துற வெயில்ல மணிக்கணக்கா வேலை செய்யுறவங்க, விளையாடுறவங்க, அதுலயும் வேர்வை காஞ்சதும் கறுப்பு டீஷர்ட்டுல வெள்ளை வெள்ளையா உப்புக் கோடு படியுறவங்க. இவங்களுக்கு வேர்வையில உப்பு சராசரியை விட அதிகமா போகுது. இவங்களுக்கும் சாதாரண ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க்ல இருக்குற உப்பு பத்தாம போகலாம், கூடவே உப்புள்ள ஏதாவது சாப்பிடுறது நல்லது.

காலையில அஞ்சு மணிக்கு வெறும் வயித்துல வர்றேன், தலை சுத்துது, அப்பவாவது குடிக்கலாமா?

குடிக்கலாம், ஆனா முழு பாட்டில் வேணாம். ராத்திரி பூரா சாப்பிடாம இருந்ததுல கல்லீரல்ல இருக்குற சேமிப்புதான் குறையுது, தசையில இருக்குறது அப்படியே இருக்கு. கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒரு வாழைப்பழமும் ஒரு கிளாஸ் தண்ணியும் போதும். சாப்பிட முடியாதவங்க பானத்துல அரை பாட்டில் குடிங்க, 15 கிராம், அது போதும்.

ஸ்குவாட் முடிச்சு பாரை ரேக்ல வச்ச உடனே கண்ணு இருட்டுதுன்னா பல நேரம் அது மூச்சைப் புடிச்சு பிரஷர் ஏறி இறங்குற விஷயம், சர்க்கரை குறைஞ்சது இல்ல. உக்காந்து மூச்சு விட்டா ஒரு நிமிஷத்துல தெளியும். சாப்பிட்டுட்டு வந்தும் அடிக்கடி சுத்துது, இல்ல மயக்கமே போட்டுருச்சுன்னா டாக்டரைப் பாருங்க, பாட்டிலைத் தேடாதீங்க.

கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குது, எலக்ட்ரோலைட் கம்மின்னு சொல்றாங்களே?

எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நீண்ட தூரம் ஓடுனவங்கள்ல இழுத்துப் புடிச்சவங்க ரத்தத்தையும் புடிக்காதவங்க ரத்தத்தையும் எடுத்துப் பாத்தப்ப சோடியத்துல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. உடம்பு பூரா உப்பு குறைஞ்சா ஒரு கால் மட்டும் ஏன் புடிக்கணும்னு யோசிச்சாலே சந்தேகம் வரும். பழக்கம் இல்லாத அளவுக்கு வேலை வாங்கி அந்தத் தசை சோர்ந்து போறதுதான் பெரும்பாலும் காரணம். பாதத்தை உங்க பக்கமா இழுத்து நீட்டிப் புடிங்க, அந்த இடத்துலயே விடும். வெயில்ல மணிக்கணக்கா வேர்த்து ஊத்தி உடம்பு பூரா அங்கங்க புடிக்குதுன்னா அது வேற, அங்க உப்புக்கும் பங்கு இருக்கலாம்.

ஸீரோ சுகர் வாங்கிட்டேன், இப்ப ஓகே தானே?

கலோரி பிரச்சனை தீர்ந்துச்சு, அது நிஜம். ஆனா சர்க்கரையை எடுத்துட்டா மிச்சம் இருக்குறது கலர் தண்ணியும் கொஞ்சம் உப்பும். ஜிம் ஆளுங்களுக்கு அந்த உப்பு தேவை இல்லன்னு மேல பாத்தோம், ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஓடுறவங்களுக்கோ தேவையே அந்தச் சர்க்கரைதான், அதையே எடுத்துட்டாங்க. வெறும் தண்ணி உங்களுக்கு இறங்கவே மாட்டேங்குது, இந்த ருசி இருந்தாதான் குடிக்கிறீங்கன்னா குடிங்க, தப்பில்ல.

ஒண்ணு மட்டும், புளிப்பு ரெண்டுலயும் ஒண்ணுதான். பல் எனாமல் பி.எச் 5.5க்கு கீழ போனா கரைய ஆரம்பிக்கும், இந்தப் பானங்கள் பெரும்பாலும் 3, 4 கிட்ட நிக்கும். செட்டுக்கு செட் ஒரு மடக்குன்னு ஒரு மணி நேரம் உறிஞ்சுறதுதான் பல்லுக்கு ரொம்பக் கெடுதல். குடிச்சே ஆகணும்னா சட்டுனு குடிச்சுட்டு தண்ணியில வாயைக் கொப்புளிங்க, உடனே பிரஷ் பண்ணாதீங்க, இளகின எனாமலைத் தேய்ச்சு எடுத்த மாதிரி ஆயிரும்.

வயித்தால போகுது, ஓ.ஆர்.எஸ் இல்ல, இதையே குடிக்கலாமா?

ரெண்டும் ஒரே ஜாதி மாதிரி தெரியும், ஆனா அளவு தலைகீழ். உலக சுகாதார நிறுவனத்தோட ஓ.ஆர்.எஸ்ல லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம் தான், சோடியம் 1.7 கிராம் கிட்ட. ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க்ல லிட்டருக்கு சர்க்கரை 60 கிராம், சோடியம் அரை கிராம் கூட வராது. குடல்ல சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாதான் உள்ள போகும், தண்ணி அது பின்னாடியே போகும். சர்க்கரை இவ்வளவு மிஞ்சிப்போனா அது குடலுக்குள்ள தண்ணியை இழுத்து பேதியைக் கூட்டவும் செய்யும். பெரியவங்களுக்கு லேசான போக்குன்னா ஒரு பாட்டில்ல ஒண்ணும் ஆயிடாது, குழந்தைகளுக்கும் வயசானவங்களுக்கும் ஓ.ஆர்.எஸ் தான்.

மாத்தி ஜிம்முக்கு ஓ.ஆர்.எஸ் குடிக்கிறவங்களும் இருக்காங்க. அரை லிட்டர் வேர்வைக்கு அது எதுக்கு?

எனக்கு சுகர் இருக்கு, தொடவே கூடாதா?

இன்சுலின் போடுறவங்க, இல்ல சர்க்கரையை ரொம்ப இறக்குற மாத்திரை போடுறவங்கன்னா பையில ஒண்ணு இருக்கட்டும், ஆனா அது மருந்து மாதிரி. உடற்பயிற்சி நடுவுல கை நடுங்கி, படபடத்து, மீட்டர்ல 70க்கு கீழ காட்டுச்சுன்னா 15 கிராம் சர்க்கரை உடனே வேணும், அது 250 மில்லி. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பவும் டெஸ்ட் பண்ணுங்க, ஏறலன்னா இன்னொரு தடவை அதே அளவு. அவசரத்துல ஸீரோ சுகர் பாட்டிலை எடுத்துராதீங்க, ஒரு பிரயோஜனமும் இல்ல. சர்க்கரை இறங்காத நேரத்துல மத்த எல்லாருக்கும் சொன்னதுதான், தண்ணி. பிபி, கிட்னி பிரச்சனை இருக்குறவங்க உப்புக் கணக்குக்காக டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க.

பதிமூணு வயசு பையன் கோச்சிங் போறான், கூட இருக்குற பசங்க எல்லாம் குடிக்கிறாங்களாம், வாங்கிக் கொடுக்கவா?

சாதாரண ஒரு மணி நேரப் பயிற்சிக்கு வேணாம். அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2011லயே இதை வழக்கமா கொடுக்காதீங்கன்னு சொல்லிருச்சு. நாள் பூரா வெயில்ல டோர்னமெண்ட்னா அன்னைக்கு ஒண்ணு குடிச்சா பரவாயில்ல.

இதுல ஒரு குழப்பம் உண்டு, எனர்ஜி ட்ரிங்க் வேற. அதுல காஃபின் இருக்கு, சர்க்கரையும் பல பிராண்டுல 100 மில்லிக்கு 11 கிராம் கிட்ட. அதே சங்கம் அதைப் பசங்களுக்கு கொடுக்கவே கூடாதுன்னு சொல்லுது. அவன் கேக்குறது எதைன்னு முதல்ல பாட்டிலை வாங்கிப் பாருங்க.

மராத்தானுக்கு பேர் கொடுத்திருக்கேன், வெறும் தண்ணி அதிகமா குடிச்சா உப்பு குறைஞ்சு ஆபத்துன்னு படிச்சேன், அப்ப ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் எவ்வளவு வேணா குடிக்கலாம்ல?

இது நல்ல கேள்வி, ஆனா முடிவு தப்பு. ஆபத்து நிஜம். 2002 பாஸ்டன் மராத்தான்ல 488 பேர் ரத்தத்தைச் சோதிச்சப்ப 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு குறைஞ்சிருந்தது. ஆனா முக்கிய காரணம் குடிச்ச பானத்தோட வகை இல்ல, அளவு. ஓடி முடிச்சப்ப எடை கூடியிருந்தவங்கதான் அதிகம் மாட்டினாங்க, அதாவது வேர்த்ததை விட அதிகமா குடிச்சவங்க. ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க்ல இருக்குற சோடியம் ரத்தத்துல இருக்குறதுல ஏழுல ஒரு பங்கு கிட்டதான், அதனால அதை அளவுக்கு மீறிக் குடிச்சாலும் ரத்தம் நீர்த்துதான் போகும்.

தாகத்துக்கு குடிங்க. பயிற்சி ஓட்டத்துல முன்னாடி பின்னாடி எடை போடுங்க, எடை கூடியிருந்தா அளவை மீறிட்டீங்க. ஓடி முடிச்சுட்டு தலைவலி, குமட்டல், கை வீங்கி மோதிரம் இறுகுறது, பேச்சு குழறுறதுன்னு இருந்தா இன்னும் தண்ணி கொடுக்காம மெடிக்கல் டென்ட்டுக்கு கூட்டிட்டுப் போகணும்.

வீட்டுலயே கலக்கிக்க முடியுமா?

மேல சொன்ன நீண்ட நேர ஆளுங்கன்னா தாராளமா. ஒரு லிட்டர் தண்ணி, 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ருசிக்கு கொஞ்சம் எலுமிச்சை. சர்க்கரையைக் கண்ணளவுல போடாம எடை போட்டுப் போடுங்க, குத்துமதிப்பா போட்டா எப்பவும் கூடத்தான் விழும். உப்பும் குமிச்சு இல்லாம தட்டி அளந்து போடுங்க. மேட்ச் அன்னைக்கு முதல் தடவையா குடிக்காதீங்க, ஒரு பயிற்சி நாள்ல குடிச்சு வயிறு ஏத்துக்குதான்னு பாத்துக்கோங்க.

ஆஃபர்ல ஒரு பெட்டியே வாங்கி வச்சுட்டேனே, இப்ப என்ன பண்றது?

தூக்கிப் போடாதீங்க, காலாவதி தேதி பாத்து வச்சுக்கோங்க. என்னைக்காவது ரெண்டு மணி நேரம் மேட்ச் ஆடுற நாள், நீளமா சைக்கிள் போற நாள் வரும்ல, அன்னைக்கு எடுங்க. ஜிம்முக்கே கொண்டு வந்துதான் தீரணும்னா பாதி பாட்டில், பாதி தண்ணி, முன்ன பின்ன ரெண்டு இல்லாம ஒண்ணே ஒண்ணு. அந்த 78 கிலோ ஆளும் இப்படித்தான் தீத்தாரு, கடைசி பாட்டில் தீர்ந்ததும் அதே காலி பாட்டில்ல தண்ணி புடிச்சுக்கிட்டு வர்றாரு.